பனியில் பதிந்த 117 தடங்கள்: வாழிட விருப்பத்தை அளக்கும் கை-வர்க்கச் சோதனை

ஒரு விலங்கு எங்கே அதிகமாகத் தென்படுகிறது என்பது வேறு, எந்த இடத்தை அது விரும்புகிறது என்பது வேறு. காட்டின் முக்கால் பங்கு புல்வெளியாக இருந்தால், மான்களில் முக்கால் பங்கு புல்வெளியில் நிற்பதில் வியப்பில்லை. அந்த எண்ணிக்கை மானின் மனதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; நிலத்தின் பரப்பளவைத்தான் திருப்பிச் சொல்கிறது. கிடைக்கும் பங்கைவிடப் பயன்படுத்தும் பங்கு கூடுதலாக இருக்கும்போதுதான் சூழலியலாளர்கள் அதை விருப்பம் என்கிறார்கள். குறைவாக இருந்தால் தவிர்ப்பு. இரண்டு பங்குகளுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் உண்மையானதா, அல்லது சில பத்து விலங்குகளை மட்டும் எண்ணியதால் தற்செயலாக வந்ததா என்று கேட்டுப் பார்க்க உதவுவது கை-வர்க்கச் சோதனை.

இதை விளக்க வனவிலங்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தரவு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கில், சுப்பீரியர் தேசியக் காட்டில், 1971 மே மாதம் பெரும் தீ பரவியது. லிட்டில் சூ தீ என்று அதற்குப் பெயர். அதை அடுத்து வந்த 1971-72 குளிர்காலத்தில், எரிந்த பகுதியையும் அதைச் சுற்றியுள்ள எரியாத காட்டையும் சேர்த்துச் சுமார் 33,200 ஏக்கர் நிலத்தில், மூஸ் மான்களின் பனித்தடங்கள் எண்ணப்பட்டன. மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. குளிர்காலத்தில் புதர்களின், இளமரங்களின் குச்சிகளைக் கடித்து வாழ்வது. கிளைட் நியூ, ராண்டல் பையர்ஸ், ஜேம்ஸ் பீக் ஆகிய மூவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த எண்ணிக்கையைப் பயன்படுத்தி ஒரு கணக்கிடும் முறையை முன்வைத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

அவர்கள் நிலத்தை நான்காகப் பிரித்தார்கள். எரிந்த பகுதியின் உட்புறம், எரிந்த பகுதியின் ஓரம், அந்த ஓரத்தை ஒட்டி வெளியே இருக்கும் எரியாத காட்டு ஓரம், அதற்கும் அப்பால் தொலைவில் இருக்கும் எரியாத காடு. மொத்தப் பரப்பில் இவற்றின் பங்கு முறையே 0.340, 0.101, 0.104, 0.455. கண்ட தடங்கள் 25, 22, 30, 40. மொத்தம் 117.

தடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தொலைக்காடுதான் முதலிடம் பெறுகிறது: 40 தடங்கள். ஆனால் அது மொத்த நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி. எரியாத ஓரத்தில் 30 தடங்கள்தான், ஆனால் அது நிலத்தில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். எண்ணிக்கையை எதனுடன் ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யாமல் மேலே போக முடியாது. அந்த ஒப்பீட்டு எண்தான் எதிர்பார்ப்பு மதிப்பு.

மூஸ் மானுக்கு எந்த இடத்தின் மீதும் தனி நாட்டம் கிடையாது, நான்கு வாழிடங்களும் அதற்கு ஒன்றுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். இதைப் புள்ளியியலில் இன்மைக் கருதுகோள் என்பார்கள். அது உண்மையானால், கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தின் மீது 117 புள்ளிகளை இறைத்தால் எப்படி விழுமோ அப்படித்தான் தடங்கள் விழுந்திருக்கும். ஒவ்வொரு வாழிடத்துக்கும் அதன் பரப்புக்கேற்ற பங்கு கிடைக்கும். எனவே எதிர்பார்ப்பு மதிப்பு என்பது மொத்தத் தடங்களைப் பரப்புப் பங்கால் பெருக்கிய எண். எரிந்த உட்புறத்துக்கு 117 × 0.340 = 39.78. எரிந்த ஓரத்துக்கு 11.82, எரியாத ஓரத்துக்கு 12.17, தொலைக்காட்டுக்கு 53.24. நான்கையும் கூட்டினால் தசமங்களைச் சுருக்கியதால் வரும் சிறு பிசிறைத் தவிர 117 வர வேண்டும். வராவிட்டால் பரப்புப் பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக இல்லை என்று பொருள். எதிர்பார்ப்பு மதிப்பில் தசமம் வருவது தவறல்ல. 39.78 தடம் என்று ஒன்று இருக்க முடியாதுதான். ஆனால் இது எண்ணிப் பெற்ற எண் அல்ல, பல முறை இறைத்தால் கிடைக்கும் சராசரி. அதை 40 என்று முழுமையாக்கிவிட்டால் கணக்கில் தேவையில்லாத பிழை புகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. நான்கு வாழிடங்கள், 117 தடங்கள், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 29.25 என்று சமமாகப் பிரித்துவிடுவது. பகடையின் ஆறு முகங்களுக்கு அது பொருந்தும். நிலத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் வாழிடங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. அப்படிப் பிரித்தால் பெரிய வாழிடங்கள் உண்மையைவிடக் கூடுதலாக விரும்பப்பட்டவையாகவும் சிறியவை உண்மையைவிடக் குறைவாக விரும்பப்பட்டவையாகவும் தோற்றம் தரும்.

அடுத்தது, கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் இடையே உள்ள விலகலை ஒரே எண்ணாகத் திரட்டுவது. விலகல்களை அப்படியே கூட்டினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்து எப்போதும் பூச்சியமே வரும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, அந்தந்த எதிர்பார்ப்பு மதிப்பால் வகுத்து, பிறகு கூட்டுகிறார்கள். O கண்ட எண், E எதிர்பார்ப்பு மதிப்பு என்றால்:

χ² = Σ (O − E)² / E

E-ஆல் வகுப்பது ஏன் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். 53 எதிர்பார்க்கும் இடத்தில் 10 கூடுவதோ குறைவதோ பெரிய செய்தியல்ல. அந்த அளவு எண்ணிக்கையில் ஏழெட்டு ஏறி இறங்குவது சாதாரணம். 12 எதிர்பார்க்கும் இடத்தில் 10 கூடினால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. தற்செயலாக ஏற்படும் ஏற்ற இறக்கம் எதிர்பார்ப்பு மதிப்பின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், வர்க்கப்படுத்திய விலகலை எதிர்பார்ப்பு மதிப்பால் வகுத்தால் பெரிய வாழிடமும் சிறிய வாழிடமும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடுகின்றன. மூஸ் தரவிலேயே இது தெரிகிறது.

| வாழிடம் | கண்டது | எதிர்பார்த்தது | விலகல் | பங்களிப்பு |
|---|---|---|---|---|
| எரிந்த உட்புறம் | 25 | 39.78 | −14.78 | 5.49 |
| எரிந்த ஓரம் | 22 | 11.82 | +10.18 | 8.77 |
| எரியாத ஓரம் | 30 | 12.17 | +17.83 | 26.13 |
| எரியாத தொலைக்காடு | 40 | 53.24 | −13.24 | 3.29 |
| மொத்தம் | 117 | 117 | 0 | 43.69 |

தொலைக்காட்டில் விலகல் 13-க்கும் மேல். எரிந்த ஓரத்தில் 10 சொச்சம்தான். ஆனாலும் எரிந்த ஓரத்தின் பங்களிப்பு தொலைக்காட்டினுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இருக்கிறது.

43.69 என்ற இந்த எண் பெரியதா சிறியதா என்பதைத் தனியாக வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. விலகல் எதுவுமே இல்லாவிட்டால் பூச்சியம் வரும். ஆனால் உண்மையில் புள்ளிகளைக் கண்மூடித்தனமாக இறைத்தாலும் பூச்சியம் வருவதில்லை. சிறு விலகல்கள் எப்போதும் இருக்கும். அவற்றால் எவ்வளவு வரும் என்பது எத்தனை வாழிடங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வாழிடங்கள் கூடக் கூட, கூட்ட வேண்டிய உறுப்புகளும் கூடுகின்றன. இந்தக் கணக்கை நேர்செய்வதுதான் வரையற்ற பாகைகள் எனப்படும் எண்.

மொத்தம் 117 என்பது முடிவாகிவிட்டது. முதல் மூன்று வாழிடங்களில் 25, 22, 30 என்று தெரிந்ததும் நான்காவதில் 40 என்பதைப் போய் எண்ண வேண்டியதே இல்லை. அதற்கு வேறு எண்ணாக இருக்க வழி கிடையாது. தாமாக மாறக்கூடிய எண்கள் மூன்றுதான். எனவே வரையற்ற பாகை 4 − 1 = 3. தடங்கள் 117 இருப்பதால் பாகை 116 என்று போடுவது புதியவர்கள் செய்யும் பிழை. இங்கே எண்ணப்படுவது வாழிட வகைகள், விலங்குகள் அல்ல.

கை-வர்க்கச் சோதனையை 1900-ல் உருவாக்கியவர் கார்ல் பியர்சன். தரவிலிருந்தே சில அளவுகளை மதிப்பிட்டு எதிர்பார்ப்பு மதிப்பைக் கணக்கிடும்போது பாகை இன்னும் குறைய வேண்டும் என்பதை அவர் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. 1922-ல் ரொனால்டு ஃபிஷர் அதைத் திருத்தினார். மூஸ் தரவில் வாழிடப் பங்குகள் தடங்களிலிருந்து பெறப்படவில்லை. நிலத்தை அளந்து பெறப்பட்டவை. அதனால் ஒன்றை மட்டும் கழித்தால் போதும். வரைபடத்தை முழுதாக அளக்காமல் ஆங்காங்கே சில நூறு புள்ளிகளைப் போட்டு, அவை எந்த வாழிடத்தில் விழுகின்றன என்று எண்ணிப் பங்குகளைப் பெற்றிருந்தால் நிலைமை வேறு. அந்தப் பங்குகளே ஏறி இறங்கக்கூடியவை. அப்போது தடங்களை ஒரு வரிசையாகவும் புள்ளிகளை இன்னொரு வரிசையாகவும் வைத்து, இரண்டு வரிசைகளும் ஒரே பங்கில் பிரிந்திருக்கின்றனவா என்று சோதிப்பதே முறை. பாகை அங்கேயும் மூன்றுதான் வரும். ஆனால் எதிர்பார்ப்பு மதிப்புகள் மாறும்.

விருப்பம் எதுவும் இல்லாத நிலையில் கை-வர்க்க எண்ணின் சராசரி அதன் வரையற்ற பாகைக்குச் சமமாக இருக்கும். பாகை 3 என்றால் சராசரியும் 3. ஒரு முறை 1 வரும், இன்னொரு முறை 5 வரும். 7.815-ஐத் தாண்டுவது இருபதில் ஒரு முறைதான். அதனால்தான் அட்டவணைகளில் பாகை 3-க்கு எதிரே, 5 சதவீத நிலையின் கீழ், 7.815 என்ற எண் நிற்கிறது. 11.345-ஐத் தாண்டுவது நூறில் ஒரு முறை, 16.266-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு முறை. மூஸ் தரவில் வந்த 43.69 இவை எல்லாவற்றையும் விட வெகு தொலைவில் இருக்கிறது. தடங்கள் தற்செயலாக இப்படி விழுவதற்கான நிகழ்தகவு ஐம்பது கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த நிகழ்தகவு எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். மூஸ் மானுக்கு விருப்பம் இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு ஐம்பது கோடியில் ஒன்று என்று இதற்குப் பொருள் கிடையாது. விருப்பம் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய விலகல் வருவது அத்தனை அரிது என்று மட்டுமே பொருள். விருப்பம் எவ்வளவு வலுவானது என்பதையும் அது சொல்வதில்லை. அதே பங்குகளோடு பத்து மடங்கு தடங்களை எண்ணியிருந்தால் கை-வர்க்க எண் 436.9 ஆகியிருக்கும், மானின் நடத்தையில் ஒரு துளி மாற்றமும் இல்லை. விருப்பத்தின் வலுவுக்குப் பயன்படுத்திய பங்கைக் கிடைக்கும் பங்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். எரியாத ஓரத்தில் 117-ல் 30, அதாவது 0.256, அதை 0.104-ஆல் வகுத்தால் 2.47. பரப்புக்கேற்ற பங்கைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. எரிந்த ஓரத்துக்கு இது 1.86, தொலைக்காட்டுக்கு 0.75, எரிந்த உட்புறத்துக்கு 0.63. கை-வர்க்க எண்ணை விட இந்த நான்கு எண்களே மூஸ் மானைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கின்றன.

நான்கையும் சேர்த்துப் பார்த்ததில் விலகல் உண்மை என்று தெரிந்துவிட்டது. எந்த வாழிடத்தில் உண்மை என்பது இன்னும் தெரியவில்லை. நியூவும் மற்ற இருவரும் 1974-ல் கொண்டுவந்த கூடுதல் படி இதற்காகத்தான். ஒவ்வொரு வாழிடத்திலும் பயன்பாட்டுப் பங்கைச் சுற்றி ஒரு நம்பிக்கை இடைவெளி போட்டு, கிடைக்கும் பங்கு அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். p பயன்பாட்டுப் பங்கு, n மொத்தத் தடங்கள் என்றால் இடைவெளி இப்படி அமையும்:

p ± z √( p(1 − p) / n )

ஒரே ஒரு இடைவெளிக்கு 95 சதவீத உறுதி வேண்டுமானால் z-க்கு 1.96 போடுவது வழக்கம். இங்கே நான்கு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் இருபதில் ஒரு பங்கு தவறும் வாய்ப்பை அனுமதித்தால், நான்கில் ஏதேனும் ஒன்றாவது தவறும் வாய்ப்பு அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே 5 சதவீதத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 1.25 சதவீதம் மட்டும் கொடுக்கிறார்கள். இது பான்ஃபெரோனி திருத்தம். அதனால் z 2.50 ஆகிறது, இடைவெளிகள் அகலமாகின்றன.

எரியாத ஓரத்துக்கு இடைவெளி 0.155 முதல் 0.357 வரை. கிடைக்கும் பங்கு 0.104 அதற்குக் கீழே இருப்பதால் விருப்பம் என்று தயங்காமல் சொல்லலாம். எரிந்த உட்புறத்துக்கு 0.119 முதல் 0.308 வரை, கிடைக்கும் பங்கு 0.340 மேலே நிற்பதால் தவிர்ப்பு. மற்ற இரண்டும் இவ்வளவு தெளிவாக இல்லை. தொலைக்காட்டின் இடைவெளி 0.232 முதல் 0.452 வரை போகிறது. கிடைக்கும் பங்கு 0.455. மயிரிழையில் வெளியே இருப்பதால் தவிர்ப்பு. எரிந்த ஓரத்தின் இடைவெளி 0.098 முதல் 0.278 வரை, கிடைக்கும் பங்கு 0.101, மயிரிழையில் உள்ளே. அதனால் விருப்பம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பரப்புக்கேற்ற பங்கைப்போல் 1.86 மடங்கு தடங்கள் இருந்தும். 95-க்குப் பதில் 90 சதவீத உறுதி போதும் என்று வைத்தால் z 2.24 ஆகும், இடைவெளியின் கீழ் எல்லை 0.107-க்கு ஏறும், எரிந்த ஓரமும் விருப்பப் பட்டியலில் சேர்ந்துவிடும். காட்டில் எதுவும் மாறவில்லை. மேசையில் ஒரு எண் மாறியது. இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவுகளை ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அறிவிப்பதைவிட இடைவெளியை அப்படியே அச்சிடுவதுதான் நேர்மை.

இந்தத் தரவின் மிக நல்ல பாடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆய்வாளர்கள் நிலத்தை நான்காகப் பிரிக்காமல், எரிந்தது, எரியாதது என்று இரண்டாக மட்டும் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீ எரிந்த காட்டை ஆராய்பவர்களுக்கு முதலில் தோன்றும் பிரிவு அதுதான். எரிந்த பகுதி மொத்தம் 0.441, எரியாதது 0.559. எதிர்பார்ப்பு 51.6-ம் 65.4-ம். கண்டது 47-ம் 70-ம். கை-வர்க்க எண் 0.73. வரையற்ற பாகை இப்போது ஒன்று; அதற்கான அட்டவணை எண் 3.841. விலகல் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. தீயால் மூஸ் மானுக்கு எந்த வேறுபாடும் இல்லை என்று ஒரு முடிவு எழுதப்பட்டு, அது கணக்கின்படி சரியாகவும் இருந்திருக்கும்.

இரண்டையும் வேறு விதமாகச் சேர்க்கலாம். இரண்டு ஓரங்களையும் ஒன்றாக்கி, ஓரம், ஓரமல்லாதது என்று பிரித்தால் ஓரத்தின் பங்கு 0.205, எதிர்பார்ப்பு 24, கண்டது 52. கை-வர்க்க எண் 41.2. நான்கு வகைகளிலும் சேர்ந்து வந்த 43.69-ல் பெரும்பகுதி இந்த ஒரே ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது. மூஸ் மான் எரிந்த காட்டையோ எரியாத காட்டையோ தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டும் சந்திக்கும் கோட்டைத் தேடிப் போயிருக்கிறது. மூஸின் உயிரியலைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: தீக்குப் பின் முளைக்கும் தளிர்களும் குச்சிகளும் தீனி, பக்கத்திலேயே இருக்கும் நின்ற காடு மறைவிடம். ஓரத்தில் நின்றால் இரண்டும் எட்டும் தூரத்தில். ஆனால் அந்த உயிரியல், எண்ணும் முன்பே நிலத்தைப் பிரிக்கும் விதத்தில் இடம்பெற்றிருந்ததால்தான் தரவில் தெரிந்தது. பிரிவை எண்ணும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எண்ணிய பிறகு, பெரிய விலகல் வரும்வரை வகைகளைச் சேர்த்தும் பிரித்தும் பார்த்தால் 5 சதவீதம் என்ற எல்லைக்குப் பொருள் போய்விடும்.

வகைகளை மிக நுணுக்கமாகப் பிரிப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கை-வர்க்க அட்டவணை ஒரு தோராயம். எதிர்பார்ப்பு மதிப்புகள் மிகச் சிறியதாக இருந்தால் தோராயம் பிசகும். எதிர்பார்ப்பு மதிப்பு 5-க்குக் குறையக் கூடாது என்பது பழகிய விதி. கண்ட எண் பூச்சியமாகக்கூட இருக்கலாம். விதி எதிர்பார்ப்பு மதிப்புக்குத்தான். மூஸ் நிலத்தில் மிகச் சிறிய பங்கு 0.101 என்பதால், குறைந்தது 50 தடங்கள் இருந்தால்தான் எல்லா வாழிடங்களும் இந்த விதிக்குள் வரும். அரிய விலங்குகளில் இத்தனை எண்ணிக்கை கிடைக்காது. அப்போது அர்த்தமுள்ள வகைகளைச் சேர்க்கலாம். அல்லது கணினியில் தற்செயலான இறைப்பை ஆயிரக்கணக்கான முறை நடத்தி, கண்ட விலகல் எத்தனை முறை வருகிறது என்று நேரடியாக எண்ணிவிடலாம்.

எண்ணிக்கையைக் கொண்டு செய்யும் வாழிட ஆய்வுகளில் மிக அதிகமாகப் பிழைப்பது வேறு இடத்தில். ஒவ்வொரு எண்ணும் மற்றொன்றைச் சாராதது என்று இந்தச் சோதனை எடுத்துக்கொள்கிறது. பனித்தடம் அதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை. தாயும் கன்றும் சேர்ந்து நடந்தால் இரண்டு தடங்கள், ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு முறை. ஒரே மான் காலையில் ஓரத்தில் நடந்து மாலையில் அதே ஓரத்தில் திரும்பினாலும் அப்படித்தான். கழுத்துப்பட்டைக் கருவி மூலம் மணிக்கொரு முறை இருப்பிடம் பதிவாகும் ஆய்வுகளில் இது இன்னும் மோசம். ஒரு மானிடமிருந்து ஆயிரம் பதிவுகள் கிடைக்கும், ஆனால் மான் ஒன்றுதான்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பங்குகள் மாறாமல் எண்ணிக்கை குறைந்தால் கை-வர்க்க எண் அதே விகிதத்தில் குறையும். 117 தடங்களும் உண்மையில் 39 தனித்தனித் தேர்வுகள் என்றால், ஒவ்வொன்றும் மூன்று முறை எண்ணப்பட்டிருந்தால், 43.69 என்பது 14.56 ஆகும். இன்னும் 7.815-க்கு மேலேதான். 21 தேர்வுகள் என்றால் 7.84, எல்லைக்குச் சற்றே மேல். 20 என்றால் 7.47, முடிவு கவிழ்ந்துவிடும். ஆக 117 தடங்களுக்குப் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட சாராத தேர்வுகள் இருந்தனவா என்பதே கேள்வி. அதற்கு விடை அட்டவணையில் கிடைக்காது. களத்தில் தடங்கள் எப்படி எண்ணப்பட்டன, கூட்டமாகப் போன தடங்கள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டனவா, ஒரே தடம் அடுத்த முறை மீண்டும் எண்ணப்பட்டதா என்பதில்தான் கிடைக்கும். ஐம்பது கோடியில் ஒன்று என்ற அந்த நிகழ்தகவை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. தனித்தனியாக அடையாளம் தெரிந்த விலங்குகள் இருக்கும் ஆய்வுகளில் ஒவ்வொரு விலங்கையும் ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடும் முறைகளுக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் நகர்ந்துவிட்டதற்கும் இதுதான் காரணம்.

எதிர்பார்ப்பு மதிப்பு கிடைக்கும் நிலத்தைப் பொறுத்தது. கிடைக்கும் நிலம் எது என்பதை வரைபடத்தில் எல்லை போடுபவர்தான் தீர்மானிக்கிறார். 33,200 ஏக்கருக்குப் பதிலாக அதைப்போல் இரண்டு மடங்கு நிலத்தை எடுத்து, கூடுதல் நிலம் முழுவதும் தொலைக்காடாகவும், அதில் 10 தடங்கள் மட்டும் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். எரிந்த உட்புறத்தின் பங்கு 0.170-ஆகப் பாதியாகும், மொத்தத் தடங்கள் 127, எதிர்பார்ப்பு 21.6. அங்கே கண்டதோ அதே 25. தவிர்க்கப்பட்ட வாழிடம் திடீரென்று சற்றே விரும்பப்பட்டதாகிவிடுகிறது. இந்த மாற்றத்திலும் மாறாத ஒன்று உண்டு: ஏக்கருக்கு எத்தனை தடம் என்று பார்த்தால், எரியாத ஓரத்தில் உட்புறத்தைப்போல் 3.9 மடங்கு. எல்லையை எப்படி நீட்டினாலும் அது அப்படியே இருக்கும். அதனால் ஒரு வாழிடத்தைத் தனியாக விருப்பம் அல்லது தவிர்ப்பு என்று சொல்வதைவிட, இரு வாழிடங்களுக்கு இடையேயான ஒப்பீடு நம்பகமானது. விலங்கு உண்மையில் நடந்து எட்டக்கூடிய நிலத்தை மட்டும் எல்லைக்குள் வைப்பதே நல்ல வழக்கம்.

கடைசியாக, எண்ணப்பட்டது மான் அல்ல, கண்ணில் பட்ட தடம். திறந்த வெளியில் பனித்தடம் தெளிவாகத் தெரியும். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் கிளைகள் மறைக்கும், கிளைகளிலிருந்து சரியும் பனி தடத்தை மூடும். தொலைக்காட்டின் தடங்களில் பாதி மட்டுமே கண்ணில் பட்டது என்று வைத்துக்கொண்டால், அங்கே உண்மையான எண் 80, மொத்தம் 157, எதிர்பார்ப்பு 71.4. தவிர்க்கப்பட்ட காடு பங்குக்கு மேல் பயன்படுத்தப்பட்ட காடாக மாறிவிடும். கை-வர்க்கக் கணக்கில் இதைக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் போன தடம் தரவில் எந்தச் சுவடும் விடுவதில்லை. ஒரே வாழிடத்தின் ஒரு பகுதியை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒருவர் கண்டதில் எவ்வளவு மற்றவரிடம் தவறியது என்று பார்த்துத் திருத்தலாம். மூஸ் தரவில் ஓரத்தின் முன்னணி இந்த ஐயத்தைத் தாண்டியும் நிற்கும்: தொலைக்காடு 80 என்றாலும் எரியாத ஓரத்தின் எதிர்பார்ப்பு 16.3 தான், கண்டது 30. ஐயத்துக்குரியதாவது தொலைக்காட்டைப் பற்றிய முடிவுதான்.